வீட்டு ஆட்டோமேஷன் இளநிலை டெக்னீஷியன் வேலை: டிப்ளமோ முடித்தவர்களின் விண்ணப்பக் கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிப்ளமோ இ.இ.இ. இப்பதான் முடிச்சேன் சார். அனுபவமே இல்லை. கடிதத்துல என்னதான் எழுதுறது?

நீங்கள் கைவைத்துச் செய்த ஒரே ஒரு வேலையை எழுதுங்கள். எந்த வீட்டில் எத்தனை போர்டு, உள்ளே என்ன இருந்தது, எதை மாட்டினீர்கள், எங்கே சிக்கியது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஐந்தாறு வரியில் சொன்னால் போதும்.

எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது வரும் கடிதங்களை நான்தான் படிக்கிறேன். பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. 'கடின உழைப்பாளி', 'புதிய தொழில்நுட்பங்களில் ஆர்வம் உள்ளவன்', 'வாய்ப்பளித்தால் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்' என்றே போகும். இதெல்லாம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் இதை வைத்து நான் எதையும் முடிவு செய்ய முடியாது. நாளைக்கு ஒரு வீட்டில் ஓடுகிற லைனைத் திறக்கப்போகும் ஆள், திறப்பதற்கு முன் எம்.சி.பி.யை இறக்குவாரா, இறக்கியபின் டெஸ்டர் வைத்துப் பார்ப்பாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இளநிலை டெக்னீஷியனின் நாளில் முக்கால்வாசி ஸ்விட்ச் பாக்ஸுக்கு முன்னால்தான் கழியும். ஆப், குரல் கட்டளை எல்லாம் கடைசி அரை மணி நேர வேலை. அதனால் கடிதமும் போர்டைப் பற்றிப் பேச வேண்டும்.

நான் செஞ்சது எங்க மாமா வீட்டுல மூணு போர்டு மட்டும்தான். அதைப் போய் எழுதினா சிரிக்க மாட்டாங்களா?

மாட்டார்கள். அந்த மூன்று போர்டுக்குள் என்ன நடந்தது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். நம் ஊர் வீடுகளில் உண்மையாகவே வரும் ஒரு பழுதை எடுத்துக்கொள்கிறேன். கீழே தரும் மாதிரிக் கடிதமும் இதை வைத்துத்தான்.

ஒரு வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. லைட்டுக்கும் ஃபேனுக்கும் இன்வெர்ட்டர் பேஸ். அதே போர்டில் இருக்கும் ஐந்து பின் சாக்கெட்டுக்கு நேரடி மெயின் லைன். இன்வெர்ட்டருக்குப் போகும் சப்ளையை ஆர்.சி.சி.பி.க்கு முன்பாகவே எடுத்திருக்கிறார்கள். சாக்கெட் லைன் மட்டும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. வழியாக வருகிறது.

இப்போது ஸ்விட்சுக்குப் பின்னால் நான்கு ரிலே உள்ள வைஃபை மாட்யூல் வைக்க வேண்டும். மாட்யூல் ஓட நியூட்ரல் தேவை. சாதாரண ஸ்விட்சுக்கு நியூட்ரல் வேண்டாம் என்பதால் லைட் பக்கம் அது வந்திருக்காது. கண்ணுக்குத் தெரிவது சாக்கெட்டில் உள்ள நியூட்ரல்தான். அதிலிருந்து ஒரு துண்டு இழுத்துக் கொடுத்தால் மாட்யூல் உடனே உயிர் பெறும், ஆப்பிலும் சேர்ந்துவிடும். முதல் போர்டு சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவது போர்டும் முடிந்து, மாலையில் எல்லா லைட்டையும் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. தூக்கிவிட்டால் கொஞ்ச நேரம் நிற்கும். எல்லா லைட்டும் எரியும்போது மறுபடி விழும். பகலில் ஒன்றும் ஆகாது.

காரணம் இதுதான். ஆர்.சி.சி.பி. தன் வழியாகப் போகும் பேஸ் கரண்டையும் திரும்பி வரும் நியூட்ரல் கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். மாட்யூலுக்குப் பேஸ் வருவது இன்வெர்ட்டரிலிருந்து, அதாவது ஆர்.சி.சி.பி.க்கு வெளியே. கரண்ட் திரும்புவதோ சாக்கெட் நியூட்ரல் வழியாக, ஆர்.சி.சி.பி.க்கு உள்ளே. நான்கு ரிலேயும் ஆனில் இருக்கும்போது இப்படிப்பட்ட மாட்யூல் இரண்டு மூன்று வாட் எடுக்கும். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 10 மில்லியாம்ப். ஒன்று என்றால் ஆர்.சி.சி.பி. கண்டுகொள்ளாது. மூன்றும் முழுதாக ஓடும்போது 30-ஐ நெருங்கிவிடும். 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. 15-ஐத் தாண்டியதும் எப்போது வேண்டுமானாலும் விழலாம். பகலில் ரிலேக்கள் ஆஃபில் இருப்பதால் மாட்யூல் எடுக்கும் கரண்ட் குறைவு, அதனால் விழவில்லை.

தீர்வு: பேஸ் எந்த சர்க்யூட்டிலிருந்து வருகிறதோ அதே சர்க்யூட்டின் நியூட்ரலைத்தான் மாட்யூலுக்குக் கொடுக்க வேண்டும். டி.பி.யில் இன்வெர்ட்டர் நியூட்ரல் லிங்க்கிலிருந்து கறுப்பு வயர் ஒன்றைப் பைப் வழியாக ஒவ்வொரு போர்டுக்கும் இழுத்தால் பிரச்சினை முடிந்தது.

மூன்றே போர்டுதான். ஆனால் இதைப் புரிந்து எழுதியிருக்கும் ஒருவரை நான் அன்றைக்கே போன் செய்து கூப்பிடுவேன். 'ஐம்பது போர்டு செய்தேன்' என்று வெறுமனே எழுதியவரை அப்படிக் கூப்பிட மாட்டேன்.

முழுக் கடிதம் ஒன்னு காட்டுங்க அண்ணா. எந்த இடத்துல எது வரணும்னே தெரியலை.

இதோ. பெயர், முகவரி, விளம்பரத் தேதி எல்லாம் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டாம் பத்தியை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே உங்கள் வேலைதான் வர வேண்டும். நேர்காணலில் முதல் கேள்வியே அந்தப் பத்தியிலிருந்துதான் வரும்.

அனுப்புநர்:
(பெயர், முகவரி, கைபேசி எண்)

பெறுநர்:
மேலாளர், (நிறுவனத்தின் பெயர்), கோயம்புத்தூர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: இளநிலை டெக்னீஷியன் (வீட்டு ஆட்டோமேஷன் நிறுவுதல்) பணிக்கான விண்ணப்பம்

தங்கள் நிறுவனத்தில் இளநிலை டெக்னீஷியன் பணியிடம் இருப்பதாக (தேதி) அன்று வந்த விளம்பரத்தில் பார்த்தேன். மின் மற்றும் மின்னணுப் பொறியியலில் மூன்றாண்டு டிப்ளமோவை இந்த ஆண்டு முடித்துள்ளேன்.

கடைசிப் பருவ விடுமுறையில், எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவருடன் சேர்ந்து ஒரு வீட்டில் மூன்று ஸ்விட்ச் போர்டுகளுக்கு வைஃபை ரிலே மாட்யூல் பொருத்தினேன். மூன்றாவது போர்டு முடிந்தபின், எல்லா விளக்குகளும் எரியும்போது மட்டும் ஆர்.சி.சி.பி. விழுந்தது. மாட்யூல்களின் நியூட்ரலை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில், பேஸ் இன்வெர்ட்டர் சர்க்யூட்டிலிருந்தும் நியூட்ரல் சாக்கெட் சர்க்யூட்டிலிருந்தும் வருவது தெரிந்தது. டி.பி.யிலிருந்து இன்வெர்ட்டர் நியூட்ரலைத் தனியாக இழுத்துக் கொடுத்தபின் பழுது நீங்கியது. வயர் இழுத்தது, போர்டில் இணைத்தது, செயலியில் சேர்த்தது ஆகியவை நான் செய்தவை. டி.பி.க்குள் இணைப்பு கொடுத்தவர் எலக்ட்ரீஷியன்.

ஒரு மின்விளக்குச் சுற்றின் வயரிங், மல்டிமீட்டர் கொண்டு பழுது பார்த்தல், வீட்டு ரவுட்டரில் சாதனங்களைச் சேர்த்தல் ஆகியவை எனக்குத் தெரியும். திரைச்சீலை மோட்டாரும் கேஎன்எக்ஸ் அமைப்பும் இதுவரை கையாண்டதில்லை. தங்கள் மூத்த டெக்னீஷியன்களிடம் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

இருசக்கர வாகனமும் ஓட்டுநர் உரிமமும் உள்ளன. கோயம்புத்தூர், திருப்பூர், பொள்ளாச்சி பகுதிகளில் வேலைக்குச் செல்ல முடியும். உடனே பணியில் சேரலாம். தன்விவரமும், மேலே சொன்ன போர்டின் உட்புறப் படம் ஒன்றும் இணைத்துள்ளேன். படம் வீட்டாரின் அனுமதியுடன் எடுக்கப்பட்டது.

இப்படிக்கு,
(பெயர்)

இதில் எனக்கு மிகவும் பிடித்த வரி, 'டி.பி.க்குள் இணைப்பு கொடுத்தவர் எலக்ட்ரீஷியன்' என்பது. எல்லாவற்றையும் தானே செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஆளைத் தனியாக ஒரு வீட்டுக்கு அனுப்பப் பயமாக இருக்கும். தன் எல்லை எது என்று தெரிந்த ஆள், சந்தேகம் வந்தால் போன் செய்து கேட்பார்.

படம் பற்றி ஒரு வார்த்தை. கைபேசியில் ஆப் திறந்திருக்கும் படம் எதையும் காட்டாது. பிளேட்டைக் கழற்றிய போர்டின் படம் அனுப்புங்கள். வயர் நுனி சரியாகச் சீவியிருக்கிறதா, டெர்மினலுக்கு வெளியே செம்பு தெரிகிறதா, மாட்யூலைத் திணித்திருக்கிறார்களா அல்லது இடம் பார்த்து வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அந்த ஒரு படத்திலேயே தெரிந்துவிடும்.

என் ப்ராஜெக்ட் ஆர்டுயினோவும் ப்ளூடூத்தும் வச்சு பண்ணின ஹோம் ஆட்டோமேஷன். அதை எழுதலாமா?

எழுதலாம், ஆனால் பெயரை மட்டும் எழுதாதீர்கள். இதே தலைப்பில் ப்ராஜெக்ட் செய்யாத பாலிடெக்னிக் இருக்குமா என்றே சந்தேகம். தலைப்பைப் பார்த்து யாரும் நிற்க மாட்டார்கள்.

குழுவில் நீங்கள் செய்த பகுதி எது என்று சொல்லுங்கள். புரோகிராம் எழுதியது வேறு நண்பர், நீங்கள் ரிலே பக்கம் வயரிங் செய்தீர்கள் என்றால் இந்த வேலைக்கு உங்கள் பகுதிதான் பொருத்தம். அப்புறம், மேஜையில் ஓடியதற்கும் சுவரில் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும் என்பதை ஒரு வரியில் காட்டுங்கள். உதாரணமாக: 'எங்கள் மாதிரியில் ரிலே பலகை திறந்த நிலையில் இருந்தது. வீட்டில் பொருத்த 230 வோல்ட் பகுதியைப் பெட்டிக்குள் மூடி, 5 வோல்ட் பகுதியிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.' இந்த இரண்டு வாக்கியமும் ஒரு பக்க ப்ராஜெக்ட் விளக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

விளம்பரத்துல கேஎன்எக்ஸ் தெரிஞ்சா முன்னுரிமைன்னு போட்டிருக்கு. யூட்யூபுல பார்த்திருக்கேன். தெரியும்னு போட்டுடலாமா?

வேண்டாம். கேஎன்எக்ஸ் பச்சை நிற பஸ் கேபிளில் ஓடுகிறது, அதில் சுமார் 30 வோல்ட் டி.சி. இருக்கும், சாதனங்களை இ.டி.எஸ். என்ற மென்பொருளில் நிரல்படுத்த வேண்டும் என்பதெல்லாம் வீடியோவிலேயே தெரிந்துகொள்ளலாம். ஆனால் நேர்காணல் செய்பவர் மேஜையில் ஒரு சாதனத்தை வைத்து, 'இதுக்கு முகவரி கொடுங்க' என்பார். சாதனத்தில் ஒரு சின்னப் புரோகிராமிங் பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் சிவப்பு எல்.இ.டி. எரியும். கையில் எடுத்துச் செய்தவரின் விரல் தானாக அங்கே போகும். செய்யாதவர் சாதனத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்.

பார்த்ததைப் பார்த்தது என்றே எழுதுங்கள்: 'கேஎன்எக்ஸ் பஸ் அமைப்பின் அடிப்படையைப் படித்திருக்கிறேன், சாதனத்தில் வேலை செய்ததில்லை.' இளநிலை வேலைக்கு இதுவே போதும். முன்னுரிமை என்று போட்டிருப்பது கட்டாயம் என்று அர்த்தமில்லை. எங்களிடம் சேர்பவர்களுக்கு நாங்களேதான் சொல்லிக்கொடுக்கிறோம்.

நான் இ.சி.இ. படிச்சேன். எலக்ட்ரிக்கல்காரங்களுக்குத்தான் இந்த வேலைன்னு சொல்றாங்களே?

அப்படி இல்லை. நெட்வொர்க் பக்கம் உங்கள் கை ஓங்கியிருக்கும், அதைக் கடிதத்தில் முன்னுக்கு வையுங்கள். ஆப்பில் மாட்யூல் சேரவே மாட்டேன் என்கிறது என்றால் பல நேரம் காரணம் ரவுட்டரில்தான் இருக்கும். சந்தையில் உள்ள வைஃபை மாட்யூல்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும். கைபேசியோ 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கும். சில ஆப்கள் இந்த நிலையில் சேர்க்கும் கட்டத்திலேயே தடுமாறும். இப்படி ஒன்றைத் தீர்த்திருந்தால் எழுதுங்கள்.

குறையாகப் பார்க்கப்படுவது வீட்டு வயரிங். அதை மறைக்காமல், ஒரு எலக்ட்ரீஷியனுடன் சில நாள் போய் ஒரு போர்டையாவது கட்டிப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

லைசென்ஸ் இருக்கான்னு கேக்குறாங்க. டிப்ளமோ இருந்தாலே போதும்தானே?

இரண்டும் வேறு வேறு. மின் வேலைக்கான தகுதிச் சான்றிதழ்களைத் தமிழ்நாட்டில் மின் உரிம வாரியம் தருகிறது. வயர்மேனுக்கு ஒன்று, மேற்பார்வையாளருக்கு ஒன்று. டிப்ளமோ சான்றிதழ் வந்ததும் அது தானாகக் கிடைத்துவிடாது. இருந்தால் எண்ணோடு குறிப்பிடுங்கள். விண்ணப்பித்திருந்தால் 'விண்ணப்பித்துள்ளேன்' என்று எழுதுங்கள். இல்லையென்றால் அதைப் பற்றி எழுதவே வேண்டாம், கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். நிறுவனத்தில் உரிமம் உள்ளவரின் கீழ்தான் நீங்கள் வேலை செய்யப் போகிறீர்கள்.

டிப்ளமோவுக்குப் பின் ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சி முடித்தவர்கள் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். எங்கே, எந்தப் பிரிவில் என்பதும் வேண்டும். அதுவும் அனுபவம்தான்.

கடிதம் தமிழ்லயா இங்கிலீஷ்லயா? மெயிலா வாட்ஸ்அப்பா?

விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதில். ஆங்கிலம் என்றால் மேலே உள்ளதையே சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், இணையத்தில் கிடைக்கும் அலங்கார ஆங்கிலத்தை ஒட்டாதீர்கள். எதில் அனுப்பச் சொன்னார்களோ அதில் அனுப்புங்கள். கோப்பு பி.டி.எஃப். ஆக இருக்கட்டும். பெயர் `resume final new 2.pdf` என்று இல்லாமல் உங்கள் பெயரும் பணியின் பெயரும் இருக்கும்படி வையுங்கள். ஒரே நாளில் பல கோப்புகளை இறக்கி வைக்கும்போது உங்களுடையதைத் தேடி எடுக்க வேண்டுமே.

எதிர்பார்க்கும் சம்பளம் எழுதணுமா?

கேட்டிருந்தால் மட்டும்.

கடிதம் பார்த்துட்டுக் கூப்பிட்டாங்க. நேர்ல என்ன கேப்பாங்க?

கடிதத்தில் எழுதிய வேலையைத்தான் கிளறுவார்கள். நியூட்ரல் என்று எழுதியிருந்தால் நான் தவறாமல் கேட்பது இது: 'போர்டைத் திறந்தால் ஒரு கறுப்பு வயர் இருக்கிறது. அது நியூட்ரல்தான் என்று எப்படி உறுதி செய்வீர்கள்?'

'டெஸ்டர் எரியாது' என்பார்கள். எங்கேயும் இணைக்காமல் விட்ட வயரிலும் டெஸ்டர் எரியாது. 'மல்டிமீட்டரில் பேஸுக்கும் அதற்கும் நடுவே 230 காட்டும்' என்பார்கள். இது முன்னதைவிட நல்ல பதில், ஆனாலும் போதாது. பழைய வீடுகளில் ஸ்விட்சிலிருந்து லைட்டுக்குப் போகும் வயரையும் கறுப்பில் இழுத்திருப்பார்கள். ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போது அந்த வயர், பல்பு வழியாகப் போய் நியூட்ரலைத் தொட்டுக்கொண்டிருக்கும். மல்டிமீட்டர் எடுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு என்பதால் பல்பு நடுவில் இருப்பது அதற்குத் தெரியாது, 230-க்குப் பக்கத்தில்தான் காட்டும். இதை நியூட்ரல் என்று நம்பி மாட்யூலுக்குக் கொடுத்தால், மாட்யூல் விட்டுவிட்டு ஆன் ஆகும், எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுக்கும், அந்த லைட்டைப் போட்டதும் மாட்யூல் அணைந்துவிடும்.

சரியான வழி: அந்தப் போர்டின் பல்புகளைக் கழற்றி, ஃபேன் இணைப்பையும் பிரித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 230 காணாமல் போனால் அது நியூட்ரல் இல்லை. டெஸ்ட் லேம்ப் இருந்தால் பேஸுக்கும் அந்த வயருக்கும் நடுவே கொடுத்துப் பார்க்கலாம், நல்ல நியூட்ரலில் அது முழு வெளிச்சத்தில் எரியும். அப்புறம் மெயினையும் ஆர்.சி.சி.பி.யையும் இறக்கி, இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்துவிட்டு, அந்த வயர் டி.பி.யில் எந்த லிங்க்குக்குப் போகிறது என்று கண்டினியூட்டி பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடு என்றால் இந்தக் கடைசிப் படியை விடவே கூடாது. மேலே சொன்ன ஆர்.சி.சி.பி. பழுது இதைப் பார்க்காமல் விட்டதால் வருவதுதான்.

மூன்று படியையும் ஒருவர் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. 'மல்டிமீட்டர் வழியில் ஏமாற வாய்ப்பு இருக்கிறதே, எங்கே?' என்று கேட்டதும் பேப்பரை எடுத்துச் சர்க்யூட் வரைய ஆரம்பித்தால் எனக்குப் போதும்.

அனுப்பி ஒரு வாரம் ஆச்சு. பதிலே வரலை. திரும்பக் கேக்கலாமா?

ஒரு முறை கேட்கலாம். 'இளநிலை டெக்னீஷியன் பணிக்கு (தேதி) அன்று விண்ணப்பித்தேன், இடம் இன்னும் இருக்கிறதா ஐயா?' என்று ஒரே செய்தி போதும். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை போன் செய்யாதீர்கள். எந்த ஆள் எந்த வீட்டுக்கு, ஏணி எந்த வண்டியில், எந்தச் சாமான் இன்னும் வரவில்லை என்று ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. சாப்பாட்டு வேளைக்குப் பின் கேட்டால் நிதானமாகப் பேசுவார்கள். இடம் நிரம்பிவிட்டது என்று சொன்னால், அடுத்து பெரிய சைட் வரும்போது உதவியாளாக வர முடியும் என்று சொல்லி வையுங்கள். வில்லா வேலை கையில் வந்தால் வயர் இழுக்க ஆள் குறைவது வழக்கம். எங்கள் குழுவில் அப்படி வந்து தங்கியவர்கள் உண்டு.